கைடுக்கு எழுதும் முன்னேற்ற மின்னஞ்சல்: மணலி காற்றுத் தரவை வைத்து ஒரு மாதிரி

உங்கள் மின்னஞ்சலைக் கைடு பெரும்பாலும் போனில்தான் திறப்பார், அதுவும் இரண்டு வகுப்புகளுக்கு நடுவில். போன் திரையில் முதலில் தெரிவது ஏழெட்டு வரிகள். என்ன தெரியவந்தது, எது தடையாக நிற்கிறது, அவர் எந்தத் தேதிக்குள் எதை முடிவு செய்ய வேண்டும் என்ற மூன்றும் அந்த வரிகளுக்குள் வந்துவிட வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஸ்காலர்கள் வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மாதத் தொடக்கத்தில் படித்த கட்டுரைகளில் ஆரம்பித்து, செய்த வேலைகளை நாள்வாரியாக அடுக்கி, கேள்வியைக் கடைசிப் பத்தியில் வைக்கிறார்கள். கைடு அதுவரை படித்து வருவதில்லை. 'நன்று, தொடரவும்' என்று பதில் வரும், கேள்வி அப்படியே நிற்கும்.

செமஸ்டருக்கு ஒருமுறை ஆராய்ச்சி ஆலோசனைக் குழுவின் முன் வைக்கும் அறிக்கை வேறு வகை. அங்கே வேலை நடந்திருக்கிறது என்று காட்டினால் போதும். கைடுக்கு இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை எழுதும் மின்னஞ்சலில் அவர் ஒரு முடிவை எடுக்கும் அளவுக்கு விவரம் இருக்க வேண்டும்.

வட சென்னைப் பகுதியில் பலரும் எடுத்துச் செய்யும் ஒரு தலைப்பை வைத்து இதைப் பார்ப்போம். விலை குறைந்த சென்சார்களால் பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரான் விட்டமும் அதற்குக் குறைவாகவும் உள்ள நுண்துகளை அளக்கிறோம். சென்சார்களை எண்ணூர், கத்திவாக்கம், எர்ணாவூர் பக்கம் கொண்டுபோய் வைப்பதற்கு முன், மணலியில் உள்ள அரசுக் கண்காணிப்பு நிலையத்தின் கருவிக்குப் பக்கத்திலேயே மூன்று சென்சார்களை நான்கு வாரம் ஓடவிட்டு ஒப்பிட்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் அளவீடுகள் எல்லாம் விளக்கத்துக்காக அமைத்தவை. மணலியின் உண்மையான காற்று நிலவரமாக அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் கேள்வியை எழுதுங்கள்

காலி மின்னஞ்சலைத் திறந்ததும் 'மதிப்பிற்குரிய மேடம்' என்று தொடங்காதீர்கள். தனித்தாளில் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: இந்த மாதம் கைடு எதை முடிவு செய்தால் என் வேலை நகரும்? நம் எடுத்துக்காட்டில் அந்த வாக்கியம் இதுதான்: 'சென்சார்களை இப்போதே களத்துக்கு எடுத்துப் போகலாமா, வடகிழக்குப் பருவமழை முடியும்வரை மணலியிலேயே வைக்கலாமா?'

இந்தக் கேள்வி கையில் வந்ததும் மின்னஞ்சலில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது தானாகத் தெரிந்துவிடும். கேள்விக்குப் பதில் சொல்ல உதவும் எண்கள் உள்ளே வரும். பெட்டிக்குப் புது மூடி போட்டது, பவர் அடாப்டர் மாற்றியது எல்லாம் ஆய்வுக் குறிப்பேட்டோடு நின்றுவிடும். கேட்க எதுவுமே இல்லாத மாதமும் உண்டு. அப்போது 'இம்முறை முடிவு எதுவும் தேவையில்லை, தகவலுக்கு மட்டும்' என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அவருக்கும் நிம்மதி.

பொருள் வரியில் 'முன்னேற்ற அறிக்கை' என்று மட்டும் போட்டால் ஆறு மாதம் கழித்துத் தேடும்போது ஒரே தலைப்பில் பத்து மின்னஞ்சல்கள் வந்து நிற்கும். இடம், காலம், தேவைப்படும் முடிவு ஆகியவற்றைச் சேர்த்து எழுதுங்கள்: 'மணலி ஒப்பீடு, ஆகஸ்ட் 4–31: களத்துக்கு மாற்றுவது குறித்து செப்டம்பர் 19-க்குள் முடிவு தேவை'.

முடிவுகள்: எத்தனை மணி நேரம், எது கழிந்தது, எதோடு ஒப்பிட்டது

'சென்சார் நன்றாக வேலை செய்கிறது, தொடர்பு 0.86' என்று எழுதினால் கைடு உடனே மூன்று கேள்வி கேட்பார். எத்தனை மணி நேரத் தரவு? எதை நீக்கினீர்கள்? எல்லா நேரத்திலும் அப்படித்தானா? இவற்றுக்கு அவர் கேட்பதற்கு முன்பே பதில் இருக்க வேண்டும்.

28 நாள் என்றால் 672 மணி நேரம். அரசுக் கருவியின் தரவில் 41 மணி நேரம் காலி. மின்வெட்டில் நம் முதல் சென்சார் 37 மணி நேரம் நின்றிருக்கிறது, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழவில்லை. மிச்சம் 594. இந்தக் கழித்தலை ஒரே வரியில் காட்டிவிட்டால், பிடிக்காத எண்களை நாமாகத் தூக்கிப் போடவில்லை என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது, மொத்தச் சராசரியோடு நிற்காதீர்கள். சென்சாரின் சராசரி ஒரு கனமீட்டருக்கு 43.5 மைக்ரோகிராம், அரசுக் கருவியின் சராசரி 30.6. நம்முடையது 42 சதவீதம் கூடுதல். இதை மட்டும் பார்ப்பவர் எல்லா எண்ணையும் ஒரே விகிதத்தில் குறைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பார். ஈரப்பதத்தை வைத்து இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் விஷயம் வேறு. ஈரப்பதம் 80 சதவீதம் வரை இருந்த 358 மணி நேரத்தில் சென்சார் 34, அரசுக் கருவி 29. எண்பதைத் தாண்டிய 236 மணி நேரத்தில் சென்சார் 58, அரசுக் கருவி 33. பிழையின் பெரும்பகுதி ஈரமான இரவுகளில் இருக்கிறது.

காரணத்தையும் ஒரு வரியில் சொல்லுங்கள். இந்தச் சென்சார்கள் துகளின் எடையை நேரடியாக அளப்பதில்லை. துகளில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்து எடையைக் கணக்கிடுகின்றன. காற்றில் ஈரம் ஏறும்போது சல்பேட், நைட்ரேட் போன்ற உப்புத் துகள்கள் நீரை ஏற்று உப்புகின்றன. அதனால் ஒளி கூடுதலாகச் சிதறுகிறது, எண்ணும் ஏறுகிறது. கடலும் தொழிற்சாலையும் பக்கத்திலேயே இருக்கும் மணலியில் இது எதிர்பார்க்க வேண்டிய விளைவுதான்.

இந்த இடத்தில் ஒரு சறுக்கல் அடிக்கடி நடக்கிறது. நள்ளிரவில் சென்சார் 75 காட்டியதும் 'தேசிய வரம்பான 60-ஐத் தாண்டிவிட்டது' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த 60 என்பது 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு. ஒரு மணி நேர எண்ணை, அதிலும் ஈரத்தைச் சரிசெய்யாத எண்ணை, அதோடு வைத்துப் பார்க்கக் கூடாது. கைடு பார்த்தால் திருத்துவார். பார்க்காமல் விட்டால் அது அப்படியே ஆய்வேட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஈரத்தால் ஏறும் எண்ணைச் சரிசெய்யத் திருத்தச் சமன்பாடு பொருத்தியிருந்தால் எந்த நாட்களில் பொருத்தி எந்த நாட்களில் சோதித்தீர்கள் என்று சொல்லுங்கள். 594 மணி நேரத்தையும் கலைத்துப் போட்டு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சோதனைக்கு எடுத்தால் முடிவு உண்மையைவிட அழகாக வரும். இரவு 2 மணியின் காற்றும் 3 மணியின் காற்றும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் பொருத்தி மற்றொன்றில் சோதிப்பது, விடையைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுவது போல. முதல் மூன்று வாரத்தில் பொருத்தி, கடைசி வாரத்தை முழுதாகச் சோதனைக்கு ஒதுக்குங்கள்.

சிக்கல்: கண்டது வேறு, கருதுவது வேறு

மின்னஞ்சலிலேயே கடினமான பகுதி இது. 'மூன்றாம் சென்சார் பழுதாகிவிட்டது' என்று எழுதினால் கைடு புதுச் சென்சார் வாங்கச் சொல்வார். கொள்முதலுக்கு ஒரு மாதம் போய்விடும், கடைசியில் சென்சாரில் கோளாறே இல்லை என்றும் ஆகலாம். அதனால் ஒவ்வொரு சிக்கலையும் நான்கு படியாக எழுதுங்கள்: கண்டது என்ன, எதையெல்லாம் சோதித்தேன், என்ன கருதுகிறேன், அதை உறுதிசெய்ய என்ன செய்யப் போகிறேன்.

நம் எடுத்துக்காட்டில் கண்டது இது. ஆகஸ்ட் 21 பிற்பகல் மின்வெட்டு வரை மூன்றாம் சென்சாரும் முதல் சென்சாரும் 0.97 தொடர்போடு ஒன்றாக ஏறி இறங்கின. மின்சாரம் திரும்பிய பிறகு தொடர்பு 0.38-க்கு விழுந்துவிட்டது. முதல் பார்வைக்குச் சென்சார் போய்விட்டது போலத்தான் தெரியும்.

இந்த நேரத்தில் அரசுக் கருவியோடு ஒப்பிடுவதைவிட, பக்கத்தில் தொங்கும் இன்னொரு சென்சாரோடு ஒப்பிடுவது நல்லது. இரண்டும் ஒரே வகை, ஈரத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தவறும். அப்படியும் வித்தியாசம் வந்தால் அது காற்றால் வந்ததல்ல. அடுத்து ஈரப்பதத்தின் நாள் ஓட்டத்தைப் பாருங்கள். ஈரப்பதம் விடியலுக்குச் சற்று முன், 5–6 மணி வாக்கில் உச்சத்துக்குப் போவது வழக்கம். மூன்றாம் சென்சாரின் பதிவில் அந்த உச்சம் நள்ளிரவில் வந்தால் காற்றைச் சந்தேகிக்க வேண்டாம், கடிகாரத்தைச் சந்தேகியுங்கள். நம் நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் இடைவெளி ஐந்தரை மணி. மூன்றாம் சென்சாரின் பதிவை 5 மணி 30 நிமிடம் முன்னோக்கி நகர்த்திப் பார்த்தால் தொடர்பு 0.96-க்குத் திரும்புகிறது.

ஆகவே நடந்தது இப்படி இருக்கலாம்: தொடக்கத்தில் கையால் இந்திய நேரத்தை வைத்திருக்கிறோம். மின்சாரம் போய் வந்ததும் பதிவுக்கருவி இணையத்திலிருந்து பொது நேரத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. இது பொருத்தமான விளக்கம். ஆனால் கருவி அப்படிச் செய்வதை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. மின்னஞ்சலிலும் அப்படியே எழுத வேண்டும். ஆய்வகத்தில் வேண்டுமென்றே மின்சாரத்தைத் துண்டித்து, திரும்பக் கொடுத்து, நேர முத்திரை மாறுகிறதா என்று பார்த்தால் ஒரு மணி நேரத்தில் விடை தெரிந்துவிடும்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஏற்கெனவே மணிச் சராசரி எடுத்துவைத்த கோப்பை ஐந்தரை மணி நகர்த்த முடியாது, அந்த அரை மணி இடையில் சிக்கிக்கொள்ளும். நிமிடவாரி மூலத் தரவில் நேரத்தைத் திருத்திவிட்டு, அதன் பிறகு மணிச் சராசரி எடுக்க வேண்டும். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்திருந்தீர்களா என்று கைடு கேட்பது இதற்காகத்தான். அரசு நிலையத் தரவிலும் ஒவ்வொரு வரிக்கும் தொடக்க நேரம், முடிவு நேரம் என்று இரண்டு உண்டு. நீங்கள் எதை வைத்து இணைத்தீர்கள் என்று குறித்துவையுங்கள். மாற்றி எடுத்தால் எல்லாமே ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். தொடர்பு கொஞ்சம்தான் குறையும் என்பதால் பிடிபடாமலே போய்விடும்.

அடுத்த கட்டம்: வழிகளும் உங்கள் பரிந்துரையும்

'அடுத்து என்ன செய்யலாம் மேடம்?' என்று கேட்டு முடிக்காதீர்கள். வழிகளைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் என்ன இழப்பு என்று சொல்லி, உங்கள் பரிந்துரையையும் வையுங்கள். அவர் மறுக்கலாம், அது அவர் உரிமை. மறுப்பதற்காவது ஒன்று கையில் இருக்க வேண்டும்.

இங்கே முடிவைத் தீர்மானிப்பது ஈரப்பதத்தின் மேல் எல்லை. ஆகஸ்ட் தரவில் 90 சதவீதத்தைத் தாண்டியது 22 மணி நேரம்தான். பருவமழைக் காலத்தில் அப்படிப்பட்ட நேரம் நிறைய வரும். வழக்கமாகப் பயன்படுத்தும் திருத்தத்தில் சென்சார் எண்ணை `1 + a·RH²/(1−RH)` என்ற காரணியால் வகுக்கிறோம். இதில் `RH` பின்னமாக எழுதிய ஈரப்பதம். `a` தரவில் பொருத்தி எடுக்கும் மாறிலி. அதை 0.1 என்று கொண்டால், 80 சதவீதத்தில் காரணி 1.32. ஈரப்பதச் சென்சார் மூன்று புள்ளி கூட்டி 83 என்று காட்டினால் 1.41, பெரிய நட்டம் இல்லை. 95 சதவீதத்தில் காரணி 2.8. அங்கே அதே மூன்று புள்ளி தவறி 98 என்று வந்தால் 5.8. திருத்திய எண் பாதிக்கும் கீழே போய்விடும். ஆகஸ்டில் பொருத்தியதை நவம்பரில் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது என்பதற்கு இந்த நான்கு எண்களே போதும்.

மூன்றையும் மணலியிலேயே விட்டால் திருத்தம் உறுதியாகும், ஆனால் மழைக்காலக் களத் தரவு ஒரு வருடம் தள்ளிப்போகும். மூன்றையும் எடுத்துப் போனால் மழையில் ஒப்பிட ஒன்றும் இருக்காது. ஒன்றை மணலியில் விட்டு, இரண்டைக் களத்துக்குக் கொண்டுபோவது நடுவழி. எதை விடுவது என்பதும் முக்கியம். கடிகாரம் சரியாக இருந்து, நான்கு வாரமும் ஒழுங்காக ஓடிய ஒன்றைத்தான் ஒப்பீட்டுக்கு விட வேண்டும்.

முழு மின்னஞ்சல்

இங்கே பலரும் ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். மொழி எதுவானாலும் வரிசை இதுதான்.

> பொருள்: மணலி ஒப்பீடு, ஆகஸ்ட் 4–31: களத்துக்கு மாற்றுவது குறித்து செப்டம்பர் 19-க்குள் முடிவு தேவை
>
> மேடம், வணக்கம்.
>
> நான்கு வார ஒப்பீடு முடிந்தது. சென்சார் காட்டும் கூடுதல் பெரும்பாலும் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும்போது வருகிறது. திருத்தினால் கணிசமாகக் குறைகிறது. மூன்றாம் சென்சாரில் ஆகஸ்ட் 21 முதல் நேரக் குழப்பம் இருப்பதாகத் தெரிகிறது. சென்சார்களை எப்படிப் பிரித்து வைப்பது என்று செப்டம்பர் 19-க்குள் நீங்கள் சொல்ல வேண்டும். என் பரிந்துரை: ஒன்று மணலியில், இரண்டு களத்தில்.
>
> முடிவுகள் (முதல் சென்சார்). மொத்தம் 672 மணி நேரம். அரசுத் தரவு இல்லாத 41, மின்வெட்டு 37 போக 594. வேறு எதையும் நீக்கவில்லை. ஈரப்பதம் 80 வரை: சென்சார் 34, அரசுக் கருவி 29 (358 மணி நேரம்). 80-க்கு மேல்: 58, 33 (236 மணி நேரம்). அலகு மைக்ரோகிராம்/கனமீட்டர். ஆகஸ்ட் 4–24 தரவில் பொருத்திய திருத்தத்தை 25–31 தரவில் சோதித்தேன்: சராசரிப் பிழை 14-லிருந்து 6 ஆனது, ஈரமான நேரத்தில் மட்டும் 26-லிருந்து 9. இரண்டாம் சென்சாரும் இதே போக்கு. படம் இணைப்பில்.
>
> சிக்கல். மூன்றாம் சென்சாருக்கும் முதல் சென்சாருக்குமான தொடர்பு, ஆகஸ்ட் 21 மின்வெட்டுக்குப் பின் 0.97-லிருந்து 0.38 ஆனது. 5 மணி 30 நிமிடம் நகர்த்தினால் 0.96. பதிவுக்கருவி பொது நேரத்துக்கு மாறியிருக்கும் என்று கருதுகிறேன்; இன்னும் உறுதி இல்லை. செப்டம்பர் 10 அன்று ஆய்வகத்தில் மின்சாரத்தைத் துண்டித்துச் சோதிப்பேன். அதுவரை மூன்றாம் சென்சாரை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.
>
> வரம்பு. ஈரப்பதம் 90-ஐத் தாண்டியது 22 மணி நேரம் மட்டுமே. பருவமழைக்கு இந்தத் திருத்தம் பொருந்தும் என்று இப்போது சொல்ல முடியாது.
>
> முடிவு தேவை. (அ) மூன்றும் டிசம்பர் வரை மணலியில்: திருத்தம் உறுதியாகும், இந்த ஆண்டு மழைக்காலக் களத் தரவு கிடைக்காது. (ஆ) மூன்றும் களத்துக்கு: மழைக்கால ஒப்பீடு இருக்காது. (இ) முதல் சென்சார் மணலியில், மற்ற இரண்டும் எர்ணாவூர், கத்திவாக்கத்தில். நான் (இ)-யைப் பரிந்துரைக்கிறேன். மூன்றாம் சென்சார் சோதனையில் தேறாவிட்டால் எர்ணாவூர் மட்டும்.
>
> அடுத்த இரண்டு வாரம். செப்டம்பர் 12-க்குள் மூலத் தரவிலிருந்து மூன்றாம் சென்சாரின் மணிச் சராசரியை மறுபடி எடுப்பேன். 19-க்குள் இரண்டு களங்களிலும் மின் இணைப்பு, அனுமதி இரண்டையும் நேரில் உறுதிசெய்வேன்.
>
> இணைப்பு: `manali_aug_fig1.pdf`. தரவு நம் பொதுக் கோப்புறையில்: `manali_s1_hourly_v3.csv`
>
> நன்றி, மேடம்.

இணைப்பில் ஒரே படம் போதும்: கிடை அச்சில் அரசுக் கருவி, செங்குத்து அச்சில் சென்சார், ஈரப்பதம் 80-க்கு மேல் உள்ள புள்ளிகளுக்கு மட்டும் வேறு நிறம், நடுவே இரண்டும் சமமாக இருக்கும் கோடு. இரண்டு அச்சுக்கும் ஒரே அளவுகோல் வையுங்கள். மென்பொருள் தானாக வைக்கும் அளவுகோலில் சாய்வு ஏமாற்றும். போன் திரையில் அச்சு எழுத்துகள் படிக்க முடிகிறதா என்று முதலில் உங்களுக்கே அனுப்பித் திறந்து பாருங்கள். முப்பது பக்க எக்செல் கோப்பை இணைத்தால் யாரும் திறக்கப்போவதில்லை.

அனுப்புவதற்கு முன், மின்னஞ்சலில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் கோப்போடு ஒருமுறை ஒட்டிப் பாருங்கள். 358-ம் 236-ம் கூட்டினால் 594 வருகிறதா? சதவீதத்தை எதன் மேல் எடுத்தீர்கள்? ஒரு கூட்டல் தவறிவிட்டால் கைடு மற்ற எண்களையும் சந்தேகிக்கத் தொடங்குவார், அதில் அவர்மேல் குறை சொல்ல முடியாது.

நான்கு வேலை நாளில் பதில் வராவிட்டால் புது மின்னஞ்சல் வேண்டாம். அதே இழையில், பழையதை மறுபடி ஒட்டாமல், 'மேடம், (இ)-க்குச் சம்மதமா? 19-ஆம் தேதி எர்ணாவூரில் இடம் உறுதிசெய்ய வேண்டும்' என்று இரண்டு வரி எழுதுங்கள். துறை வராந்தாவில் பார்த்தபோது 'சரிப்பா, போட்டுரு' என்று வாயால் சொல்லிவிட்டார் என்றால், அன்று மாலையே 'இன்று நீங்கள் சொன்னபடி (இ)-யைச் செய்கிறேன். முதல் சென்சார் மணலியிலேயே இருக்கும்' என்று அதே இழையில் பதிந்துவிடுங்கள். டிசம்பரில் ஆலோசனைக் குழுவில் யாராவது 'மூன்றையும் ஏன் களத்துக்குக் கொண்டுபோகவில்லை?' என்று கேட்டால் கைடும் நீங்களும் ஒரே பதிலைச் சொல்ல அந்த இரண்டு வரி உதவும்.